நிறக் கறை வேறு, வெளிச்சப் பொடி வேறு

மங்கலான வெளிச்சத்தில் சின்ன கேமராவால் எடுத்த ரா ஃபைல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, நிழலான ஒரு மூலையைப் பாருங்கள். இரண்டு விதக் கெடுதல் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று, படம் முழுக்க விரவிய கருப்பும் வெளுப்புமான நைசான பொடி. மற்றது, பச்சையும் மெஜந்தாவும் நீலமுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்த கறை. இரண்டையும் சேர்த்து ‘நாய்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் முன்னதை வெளிச்ச நாய்ஸ் என்றும் பின்னதை நிற நாய்ஸ் என்றும் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம் செய்தால்தான் படம் பிழைக்கும். ஒரே இழுப்பில் இரண்டையும் வழித்தெடுக்கப் பார்த்தால் கறை பாதி அப்படியே நிற்கும், முகம் மட்டும் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

கெடுதல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒளி துகள் துகளாக வருகிறது, அது வந்து சேர்வதில் ஒழுங்கு கிடையாது. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 10,000 துகள் கிடைத்தால் அதில் ஏறத்தாழ 100 கூடலாம், குறையலாம். இது நூற்றில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. அதே பிக்சலுக்கு 100 துகள்தான் கிடைத்தது என்றால், கூடுவதும் குறைவதும் 10 இருக்கும். பத்தில் ஒரு பங்கு. இது பளிச்சென்று தெரியும். ‘ஒன் இன்ச்’ என்று விற்கப்படும் சென்சாரின் உண்மையான அளவு 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். முழு ஃபிரேம் சென்சாரின் பரப்பில் இது ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. சாதாரண பாக்கெட் கேமராக்களில் இருந்த 1/2.3 இன்ச் சென்சாரோ முப்பதில் ஒரு பங்குதான். பரப்பு சுருங்கினால் கிடைக்கும் ஒளியும் சுருங்கும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் ஒளி கூடிவிடாது. கிடைத்த கொஞ்சத்தை அதன் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

பொடி வந்த கதை இது. கறை வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சென்சாருக்கு நிறம் தெரியாது. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவது ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். பச்சைக்குப் பாதி இடம், மற்ற இரண்டுக்கும் கால் கால். ஒரு பிக்சலுக்குக் கிடைக்காத இரண்டு நிறங்களையும் சாஃப்ட்வேர் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஆகவே ஒரு நீலப் பிக்சல் தவறினால் அந்தத் தவறு சுற்றியுள்ள பிக்சல்களுக்கும் போய்ச் சேர்கிறது. புள்ளியாக இருக்க வேண்டியது திட்டாகிறது. மூன்று நிறங்களும் ஒன்றுபோலவே ஏறி இறங்கினால் வெளிச்சம் மட்டும்தான் மாறும். அவை தனித்தனியே ஏறி இறங்குவதால் அவற்றுக்குள் இருக்கும் விகிதம் கெடுகிறது. விகிதம் கெட்டால் நிறம் கெடும்.

குண்டு பல்பு வெளிச்சத்தில் இது இன்னும் மோசம். அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரிய, ஒயிட் பேலன்ஸ் நீலத்தை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்க வேண்டியிருக்கிறது. நீலத்தோடு சேர்ந்து அதன் நாய்ஸும் பெருகுகிறது.

இனி, பிரிப்பதால் என்ன லாபம்? பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை வெளிச்சம் என்ற ஒரு எண்ணாகவும் நிறத்துக்கு இரண்டு எண்களாகவும் மாற்றி எழுதலாம். ஜேபெக் முறை வெளிச்சத்தை இப்படிக் கணக்கிடுகிறது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

நீலத்துக்கு இதில் கிடைக்கும் இடம் நூற்றுக்குப் பதினொன்றுதான். பல்பு வெளிச்சத்தில் மிக அதிகமாகக் கெட்டுப்போகிற அதே நீலம், வெளிச்சக் கணக்கில் கிட்டத்தட்ட ஒதுங்கியே நிற்கிறது. அதன் கெடுதல் எல்லாம் நிற எண்களில் போய்த் தேங்குகிறது. பிரித்துவிட்டால் படத்தின் மிக அசிங்கமான பகுதி ஒரு பக்கம் வந்துவிடும், படத்தின் கோடும் நுணுக்கமும் இன்னொரு பக்கம் பத்திரமாக இருக்கும்.

அந்த அசிங்கமான பக்கத்தில் எவ்வளவு கடுமையாகவும் நடந்துகொள்ளலாம். நம் கண் உருவத்தின் விளிம்பை வெளிச்ச வேறுபாட்டால்தான் பிடிக்கிறது. நிறத்தின் விளிம்பு கொஞ்சம் கலங்கினாலும் அது கண்டுகொள்வதில்லை. பழைய ஸ்டூடியோக்களில் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். கன்னத்தில் ஒரு தடவல் ரோஜா நிறம், புடவையில் ஒரு தடவல் பச்சை. தூரிகை நுணுக்கம் எதையும் வரைந்திருக்காது. மடிப்பும் ஜரிகையும் அடியில் இருக்கும் கருப்பு வெள்ளைப் படத்திலிருந்தே வந்தன. ஆனாலும் முழு வண்ணப் படமாகவே அதைப் பார்த்தார்கள். இன்று பெரும்பாலான ஜேபெக் படங்களும் நிறத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று குறைத்தே சேமிக்கின்றன. யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு படத்தை வைத்துச் செய்து பார்ப்போம். ஒன் இன்ச் சென்சார் கேமரா, ஐ.எஸ்.ஓ. 3200, ஒற்றைக் குண்டு பல்பு. அரக்குப் பட்டுப்புடவையில் ஒரு பாட்டி, நெற்றியில் குங்குமம், பின்னால் சுண்ணாம்புச் சுவர். சாஃப்ட்வேர் லைட்ரூம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் சரிசெய்துவிட வேண்டும். நிழலைத் தூக்கினால் நாய்ஸும் கூடவே எழும்பும் என்பதால் அதற்கு முன்பு துடைத்துப் பயனில்லை. ஷார்ப்னிங்கை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பொடியைக் கூர்மையாக்கிக் காட்டி நம் தீர்ப்பைக் கெடுக்கும். ரா ஃபைல் என்றால் லைட்ரூம் தானாகவே `Color` என்ற ஸ்லைடரை 25-ல் வைத்திருக்கும், `Luminance` பூஜ்யத்தில் இருக்கும். நிறத்தைக் கேட்காமலே துடை, வெளிச்சத்தைக் கேட்டுத் தொடு என்பதே அந்த ஏற்பாடு. கற்றுக்கொள்வதற்காக இரண்டையும் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம்.

கண்ணைச் சுவரில் வையுங்கள். நிறமே இல்லாத இடம் என்பதால் அங்கே தெரியும் பச்சையும் மெஜந்தாவும் முழுக்கக் கறைதான். `Color` ஸ்லைடரை மெல்ல ஏற்றும்போது முதலில் பொடிப்பொடியான நிறப் புள்ளிகள் மறையும். 25-ஐ நெருங்கும்போது அவை போய்விடும், ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான திட்டுகள் மிஞ்சும். ஸ்லைடரை இன்னும் ஏற்றி அவற்றைத் துரத்தத் தேவையில்லை. அகலமான திட்டுகளுக்கென்றே கீழே `Smoothness` இருக்கிறது, அதை ஏற்றிப் பாருங்கள்.

இப்போது கண்ணைச் சுவரிலிருந்து குங்குமத்துக்கு மாற்ற வேண்டும். நிறத் துடைப்பு அளவு மீறினால் அடி வாங்குவது இப்படிப்பட்ட சின்னஞ்சிறு நிறப் பொருள்தான். `Color` 70-ஐத் தொடும்போது பொட்டின் ஓரம் நெற்றி நிறத்தில் கரையும், மூக்குத்திச் சிவப்புக் கல் சாம்பலாகும், அரக்கு நிறம் ஜரிகைக் கரைக்குள் கசியும். கசிவு கண்ணில் பட்டதும் நின்று, அது மறையும் வரை பின்னால் வாருங்கள். இந்தப் படத்தில் அந்த இடம் 40-ஐ ஒட்டி இருக்கும். `Detail` என்பதை ஏற்றினாலும் மெல்லிய நிற விளிம்புகள் காப்பாற்றப்படும், ஆனால் அங்கங்கே நிறப் புள்ளிகள் திரும்பவும் தலைகாட்டும்.

கறை போனபின் எஞ்சியிருப்பது சாம்பல் நிறப் பொடி மட்டும். இதைக் கண்டு பலரும் ஆத்திரப்பட்டு `Luminance` ஸ்லைடரை 60-க்கு இழுத்துவிடுகிறார்கள். Alt விசையை அழுத்திக்கொண்டு அந்த ஸ்லைடரை நகர்த்தினால் திரை கருப்பு வெள்ளையாகும். நிறத்தின் தொந்தரவு இல்லாமல் இழப்பை அப்படியே பார்க்கலாம். 60-ல் ஜரிகையின் நெசவு வழுவழுப்பான ஒரே பட்டையாகிவிடும். கண்ணோரச் சுருக்கங்களில் ஆழமானவை மட்டும் மிஞ்சும், நடுத்தரமானவை காணாமல் போகும். பொடியும் மெல்லிய சுருக்கமும் ஒரே அளவில் இருப்பதால் சாஃப்ட்வேருக்கு அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. 20-க்கு இறங்கி வாருங்கள். பொடி கொஞ்சம் தெரியும், தெரியட்டும். சீரான பொடி கண்ணை உறுத்துவதில்லை. சொல்லப்போனால் தோலுக்கும் துணிக்கும் ஒரு சொரசொரப்பைத் தந்து படத்தைக் கூர்மையாகக் காட்டுகிறது. மழித்துவிட்ட தோலை எந்த ஷார்ப்னிங்காலும் மீட்க முடியாது.

பொடியைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த கேமராவின் படம் 5,472 பிக்சல் அகலம். செல்போன் திரைக்காக அதை 1,080-ஆகச் சுருக்கினால் 25 பிக்சல்கள் ஒன்றாகக் கலக்கின்றன. தனித்தனிப் பொடி அந்தக் கலப்பில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அகலமான நிறத் திட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இருபத்தைந்து பிக்சலும் ஒரே திட்டுக்குள் இருந்தால் கலந்து என்ன ஆகப்போகிறது? எனவே நூறு சதவீதத்தில் பொடியைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட, படத்தை அது போய்ச்சேரும் அளவில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.

காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்பதில்லை. இலவசமான டார்க்டேபிளில் நாய்ஸ் நீக்கும் `denoise (profiled)` பகுதியை இரண்டு முறை சேர்த்து, ஒன்றின் கலப்பு முறையை `color` என்றும் மற்றதை `lightness` என்றும் வைத்தால் இதே பிரிவினை கிடைக்கும்.

நிறத் துடைப்பு கைவிடும் ஓர் இடத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மிகக் கறுத்த நிழலை அளவுக்கு மீறித் தூக்கினால் சில கேமராக்களில் அந்தப் பகுதி முழுதும் மெஜந்தா படிந்ததுபோல ஆகும். இது ஏற்ற இறக்கம் அல்ல. கருப்பு எல்லைக்குக் கீழே போன மதிப்புகள் பூஜ்யத்தில் வெட்டப்படுவதால் சராசரியே மேலே தள்ளப்படுகிறது. பிறகு சிவப்பையும் நீலத்தையும் ஒயிட் பேலன்ஸ் பெருக்குவதால் அந்தத் தள்ளல் நிறமாகத் தெரிகிறது. `Color` ஸ்லைடர் திட்டுகளைச் சராசரிக்குக் கொண்டுவரும், சராசரியே தவறாக இருந்தால் தவறைத்தான் சீராகப் பரப்பும். திட்டு போய்விட்டது, நிழல் மட்டும் ஒரே சீராகச் சிவந்து நிற்கிறது என்றால் நோய் இதுதான். கருப்பு எல்லையைத் திருத்தலாம், அல்லது நிழலைத் தூக்காமல் கருப்பாகவே விட்டுவிடலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கருப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் நிறக் கறை தானாகவே ஒழியும் என்று சிலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மாற்றிய கையோடு, முகம் பளிச்சிட ஆரஞ்சைத் தூக்கி நீலத்தை இறக்குவோம் அல்லவா? சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஆரஞ்சுத் திட்டு வெளுக்கும், நீலத் திட்டு கறுக்கும், போனதாக நினைத்த கறை வெளிச்சத் திட்டாகத் திரும்பி வரும். அதனால் கருப்பு வெள்ளைக்கும் முதல் வேலை `Color` ஸ்லைடரிலேயே தொடங்குகிறது.