‘மாலைக்குள் ரிப்போர்ட்’: சொன்ன நேரம் தவறுவது எங்கே?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே இருக்கிறது மாதனூர். ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. இவர்களில் ஒருவர் சர்க்கரை, கிரியாட்டினின் பார்க்க வேண்டுமென்றால் காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு கம்பெனி வேன் ஏற வேண்டும். வேலை முடிந்து வரும்போது ரிப்போர்ட் தயாராக இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் இன்னொரு நாள் லீவு, இன்னொரு நாள் கூலி இழப்பு.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் லேப் ஒரு நேரம் சொல்கிறது. ரத்தம் எடுத்ததிலிருந்து முடிவு கைக்கு வரும் வரை ஆகும் இந்த நேரத்தை லேப்காரர்கள் ‘டர்ன்அரவுண்ட் டைம்’, சுருக்கமாக டி.ஏ.டி. என்பார்கள். எந்தப் பரிசோதனை சொன்ன நேரத்தைத் தாண்டியது என்று கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கும் பட்டியல்தான் தாமத அறிக்கை. மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15189-இன்படி இந்தியாவில் அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியம். அந்தத் தரநிலை, பரிசோதனைகளுக்கு நேரம் வகுக்க வேண்டும், அந்த நேரத்துக்குள் முடிகிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும் என்கிறது. ஆகவே அங்கீகாரம் பெற்ற லேப்களில் இப்படி ஓர் அறிக்கை இருக்கும். அது உண்மையைச் சொல்கிறதா என்பது, அதை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சராசரி மறைக்கும் மூன்று பேர்

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆம்பூரில் ஒரு லேப். மாதனூரில் அதற்கு ஒரு கலெக்‌ஷன் சென்டர். இரண்டும் கற்பனை. கிரியாட்டினினுக்கு லேப் சொல்லும் நேரம் 4 மணி நேரம். ஒரு நாளில் 20 பேர் ரத்தம் கொடுக்கிறார்கள். லேபுக்கே நேரில் வந்த 17 பேருக்கு இரண்டரை மணி நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது. மாதனூரில் கொடுத்த மூன்று பேருக்கு 9 மணி நேரம் ஆகிறது.

மொத்தத்தையும் கூட்டி இருபதால் வகுத்தால் சராசரி சுமார் மூன்றரை மணி நேரம். சொன்ன நேரம் நான்கு மணி. சராசரியை மட்டும் அச்சிடும் அறிக்கையில் கிரியாட்டினினுக்கு நேராகப் பச்சை நிறம்தான் விழும். நேரில் வந்தவர்களின் வேகம், மாதனூர்க்காரர்களின் காத்திருப்பை விழுங்கிவிடுகிறது.

டி.ஏ.டி. கணக்கில் இது எப்போதும் நடக்கும். பெரும்பாலான முடிவுகள் நெருக்கமான நேரத்தில் வந்துவிடும். சில மட்டும் நீண்டுகொண்டே போகும். அதனால் விவரமறிந்த லேப் மேலாளர்கள் சராசரியை நம்புவதில்லை. வேகமாக வந்ததில் தொடங்கி வரிசைப்படுத்தி, நூற்றில் தொண்ணூறாவது முடிவு எப்போது வந்தது என்று பார்ப்பார்கள். நம் இருபதில் அது பதினெட்டாவது ஆள். அவருக்கு ஆன நேரம் 9 மணி. சொன்ன நேரத்துக்குள் வந்தவை நூற்றுக்கு 85 என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்தால், 90 சதவீதம் இலக்கு வைத்த லேபில் கிரியாட்டினின் சிவப்புக்கு வந்துவிடும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

அந்த ஒன்பது மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. காலை 7.30-க்கு மாதனூரில் ரத்தம் எடுத்தார்கள். சாம்பிள் எடுக்க வரும் பைக் முதலில் ஒடுகத்தூர்ப் பக்கம் போய்விட்டு இங்கே வர மதியம் 12.30 ஆனது. லேபில் ‘வந்து சேர்ந்தது’ என்று பார்கோடு வாசித்தது 1.30-க்கு. முடிவு வெளியானது மாலை 4.30-க்கு. அதாவது சென்டரில் கிடந்தது ஐந்து மணி நேரம், சாலையில் ஒரு மணி, லேபுக்குள் மூன்று மணி.

பல லேப்களின் கணக்கு, சாம்பிள் உள்ளே வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும். அதன்படி இந்த மூன்று பேருக்கும் ஆன நேரம் 3 மணிதான். நான்கு மணி என்ற வாக்குக்குள் அடங்குகிறது. தாமதப் பட்டியலில் மூவரும் இல்லை. அதே மூன்று சாம்பிள்கள்தான். ஒரு கடிகாரத்தில் 9 மணி, இன்னொன்றில் 3 மணி. லேபின் உள்வேலையை அளக்க இரண்டாவது கடிகாரம் தேவைதான். ஆனால் நோயாளிக்குச் சொன்ன நேரம் ஊசி குத்திய நிமிடத்திலிருந்து ஓடுவது. ரத்தம் எடுத்தது, பைக் எடுத்தது, லேபுக்கு வந்தது, மெஷினில் முடிந்தது, டாக்டர் சரிபார்த்து வெளியிட்டது என்று ஐந்து நேரங்களும் பதிவானால்தான் எந்தக் கட்டத்தில் தடை என்று தெரியும். இங்கே மெஷினில் தவறில்லை. பைக் போகும் வழியில்தான் தவறு. புது மெஷின் வாங்கினாலும் மாதனூருக்கு ஒரு நிமிடமும் மிச்சமாகாது.

காத்திருந்தால் முடிவே மாறும்

சென்டரில் கழிந்த அந்த ஐந்து மணி நேரம் அலைச்சலோடு முடிவதில்லை. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் எடுத்து சீரத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பது வரையறை. ஒருவருக்கு உண்மையில் 130 இருந்தால், ஐந்து மணி நேரம் கழித்து மெஷின் 100 என்றோ அதற்கும் கீழோ காட்டும். நீரிழிவு உள்ளவர் ‘நார்மல்’ என்ற தாளோடு வீட்டுக்குப் போவார். பொட்டாசியம் இதற்கு எதிர்த்திசை. அணுக்களிலிருந்து கசிந்து, இல்லாத உயர்வைக் காட்டக்கூடும்.

இதைத் தடுக்க சர்க்கரைக்கு ஃபுளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. மற்றவற்றுக்கு, ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். அந்தச் சிறிய மெஷின் மாதனூர் சென்டரில் இருந்தால், பைக் தாமதமானாலும் முடிவு கெடாது. தாமத அறிக்கையில் ‘ரத்தம் எடுத்தது முதல் சீரம் பிரித்தது வரை’ என்று ஒரு பத்தி இருந்தால், எந்த சென்டருக்கு அந்த மெஷின் தேவை என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே அளவுகோல் ஆகாது

நெஞ்சுவலியோடு வந்தவருக்குச் செய்யும் ட்ரோபோனின் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற இலக்கு. ரத்தக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று இறுதியாகச் சொல்ல வழக்கமாக ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். காசநோய்க் கிருமியை திரவ ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க ஆறு வாரம் வரை ஆகும். இவை தாமதம் அல்ல, கிருமி வளர எடுத்துக்கொள்ளும் காலம்.

குழப்பம் வருவது, வாரத்தில் சில நாள் மட்டும் மொத்தமாகச் செய்யும் பரிசோதனைகளில். திங்கள், வியாழன் மட்டும் ஓட்டும் ஒரு பரிசோதனைக்கு ‘மறுநாள்’ என்று கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால், வியாழன் மாலை வந்த சாம்பிள் திங்கள்வரை காத்திருக்கும். அறிக்கை வாராவாரம் அதைச் சிவப்பில் காட்டும். ஊழியர்கள் அந்த வரியைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள், அதனடியில் இருக்கும் ட்ரோபோனினையும் சேர்த்து. இங்கே திருத்த வேண்டியது வேலையை அல்ல, வாக்கை. சாம்பிள் பதிவாகும்போதே அடுத்து ஓட்டும் நாளைக் கணக்கிட்டு, இன்ன தேதி இன்ன மணி என்று ரசீதில் அச்சிட வேண்டும்.

முடியாதவை எங்கே போயின?

அறிக்கைகளில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை இது. மாதக் கடைசியில் எடுக்கும் பட்டியல் பெரும்பாலும் முடிவு வெளியான பரிசோதனைகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ரீஏஜென்ட் தீர்ந்துபோனது, ரத்தம் போதவில்லை, மறுபடி செய்யச் சொல்லி ஒதுக்கிவைத்தது என்று இன்னும் முடியாமல் கிடப்பவை அதில் வரவே வராது. மிக மோசமான தாமதம் கணக்கிலேயே இல்லை என்றாகிவிடும். ஆகவே இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, மாதக் கணக்கு. மற்றொன்று, இந்த நிமிடம் நேரம் தாண்டியவையும் தாண்டப் போகிறவையுமாக நிலுவையில் இருப்பவை. இது மணிக்கு ஒருமுறை டெக்னீஷியன் கண்முன் வர வேண்டும். மாதக் கணக்கு பாடம் சொல்லும். நிலுவைப் பட்டியல்தான் இன்றைய நோயாளியைக் காப்பாற்றும். சிகிச்சையைப் பாதிக்கும் அளவுக்குத் தாமதமானால் டாக்டருக்குத் தகவல் சொல்லவும் இதை வைத்துத்தான் முடியும்.

எண்களில் கை வைத்திருக்கிறார்களா என்பதற்கும் தடயங்கள் உண்டு. நாற்பது சாம்பிள் ஒரே நிமிடத்தில் ‘வந்து சேர்ந்தது’ என்றிருந்தால், வந்த பெட்டி நெடுநேரம் கிடந்து, பிறகு மொத்தமாக பார்கோடு வாசித்திருக்கிறார்கள். நிராகரித்த சாம்பிளுக்குப் பதில் எடுத்த ரத்தத்துக்குப் புது எண் கொடுத்தால் பழைய கடிகாரம் அழிந்துவிடும். வந்து சேர்வதற்கு முன்பே முடிவு வந்ததாகக் காட்டினால், மெஷினின் கடிகாரமும் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை

லேபின் தாமத அறிக்கை நோயாளி கைக்கு வராது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், முடிவு வெளியான நேரம் என்று மூன்றும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். முதல் இரண்டுக்கும் இடையே பல மணி நேரம் இருந்து, சர்க்கரையோ பொட்டாசியமோ எதிர்பாராத அளவில் வந்தால், அந்த இடைவெளியை டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி எடுத்துப் பார்க்க அவர் சொல்லலாம். எடுத்த நேரமே அச்சாகவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ரத்தம் கொடுப்பதற்கு முன் சென்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பைக் எத்தனை மணிக்கு வரும்? சீரத்தை இங்கேயே பிரிக்கிறீர்களா? இரண்டுக்கும் உடனே பதில் வராத இடத்தில், மாலைக்குள் ரிப்போர்ட் என்ற பேச்சை நம்பி லீவு போட வேண்டாம்.