கடைசித் தவணைக்கு முன் குளியலறைக்கு நான்கு நாள்

மாடிக் குளியலறைக்குக் கீழே இருக்கும் அறையின் கூரையில் ஈரம் பூத்தால், பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். “என் லைன் சரியா இருக்கு சார், டைல்ஸ் ஜாயிண்ட்ல தண்ணி இறங்குது” என்பார். டைல்ஸ் போட்டவர், பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைக் கைகாட்டுவார். கொத்தனார், பைப் புதைக்கச் சுவரை உடைத்ததால் வந்த வினை என்று பிளம்பரிடமே திருப்பிவிடுவார். மூவருக்கும் பணம் போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பஞ்சாயத்துக்கு முடிவே கிடையாது. கடைசித் தவணை கையில் இருக்கும்போதே, எது யாருடைய தவறு என்று பிரித்துக் காட்டும்படி வேலையைச் சோதித்துவிட முடியும். அதற்கு வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர் இல்லாத சோதனை, பிறகு வரும் குழாய், பிறகு போகும் குழாய், கடைசியில்தான் தரையில் தண்ணீர் தேக்குவது. தேக்குவதை முதலில் செய்துவிட்டால் எல்லாம் நனைந்துபோய், கசிவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.

ஐந்தடிக்கு எட்டடி அளவுள்ள ஒரு முதல் மாடிக் குளியலறையை எடுத்துக்கொள்வோம். கீழே சமையலறை. சுவரில் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ், ஒரு மேற்கத்தியக் கழிப்பறை, ஒரு வாஷ்பேசின், கீசருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் வழக்கமாகக் காணும் அமைப்புதான்.

முதல் நாள் காலையில் ஒரு நாணயமும் சாக்பீஸும் போதும். ஒவ்வொரு டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் நாணயத்தால் தட்ட வேண்டும். கலவை முழுதாகப் பிடித்த இடத்தில் சத்தம் கெட்டியாக, குட்டையாக வரும். உள்ளே காலியாக இருந்தால் மண்பானையைத் தட்டியது போல அதிரும். அப்படிக் கேட்கும் மூலைகளிலெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி கோலம் தெரியும்: நடுவில் கெட்டி, மூலைகளில் காலி. டைல்ஸின் முதுகில் நடுவே ஒரு கட்டிக் கலவையை வைத்து அப்படியே அமுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதுகு முழுக்கக் கலவையைத் தடவி, பல் கரண்டியால் வரி இழுத்து ஒட்டியிருந்தால் இந்தக் கோலம் வராது. விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று விற்கும் டைல்ஸ் பசைதான் வேண்டும்.

காலிச் சத்தம் வந்த எல்லா டைல்ஸையும் பெயர்க்கச் சொல்வது நியாயமில்லை. சுவரில் மேலே ஒரு மூலை மட்டும் காலி என்றால் நான் விட்டுவிடுவேன். தரையில் காலியாக இருந்தால் விடமாட்டேன். அங்கே ஒரு நிரம்பிய பக்கெட்டைப் பொத்தென்று வைத்தாலே மூலை உடையும், அடியில் உள்ள பள்ளத்தில் தண்ணீரும் தேங்கி நிற்கும். முழு டைல்ஸும் அதிர்ந்தால், சுவரோ தரையோ, மாற்றித்தான் ஆக வேண்டும். குழாய் வெளிவரும் இடங்களில் மூடியிருக்கும் வட்டத் தகட்டையும் நகர்த்திப் பாருங்கள். டைல்ஸில் வெட்டிய ஓட்டை பெரிதாக இருந்து, சுற்றிலும் அடைக்காமல் விட்டிருப்பார்கள். ஷவர் தண்ணீர் சுவருக்குள் நுழையும் வாசல் அதுதான்.

அப்படியே சுவரின் மறுபக்கம் போங்கள். குளியலறைச் சுவரின் ஈரம் படுக்கையறைப் பக்கத்துப் பூச்சில்தான் முதலில் காட்டும். இந்தப் பூச்சைப் பட்டி பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இரண்டு கோட் பட்டி ஏறிவிட்டால் எல்லாக் குற்றமும் மறைந்துவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஓரத்திலிருந்து ஒளியை விட்டால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். ஆறடி அலுமினியப் பட்டையை வைத்துப் பார்க்கும்போது இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல கைவேலை. ஆணியால் கீறினால் மணல் உதிரக் கூடாது. உதிர்ந்தால் சிமெண்ட் குறைச்சல், அல்லது நீராற்றவில்லை. வெடிப்புகளில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலை போல மயிரிழையாகப் பரவியிருப்பது, பூச்சு வேகமாகக் காய்ந்ததன் அடையாளம். பெரும்பாலும் பட்டியிலேயே அடங்கும். நூல் பிடித்தது போல நேராக ஓடும் வெடிப்பு, பைப்புக்காக வெட்டிய காடியின் மேல் கோழிவலை அடிக்காமல் பூசியதால் வருவது. அதைப் பட்டியால் மூடினால் மறுபடி திறந்துகொள்ளும். காடியைக் கொத்தி, வலை வைத்துத்தான் பூச வேண்டும்.

மாலையில் வரும் குழாய். சுவரை மூடுவதற்கு முன்பே பம்பும் அழுத்தமானியும் வைத்துச் சோதித்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. மானி தெரியும்படி புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால், பலர் சொல்லும் வழி, மொட்டைமாடித் தொட்டியில் கோடு போட்டுக் காலையில் பார்ப்பது. இதை நம்ப முடியாது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கவே ஒன்பது, பத்து லிட்டர் போக வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கசிவது ஒரு ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது.

ஓர் அரை அங்குலக் கண்ணாடி டியூப் இருந்தால் வேறு வழி உண்டு. அதை ஹெல்த் ஃபாசெட் இணைப்பில் மாட்டி, மறுமுனையைக் கூரை உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். கீசருக்கான சூடு, குளிர் முனைகள் இரண்டையும் ஒரு இணைப்புக் குழாயால் சேர்த்துவிட்டால் சூட்டு லைனும் சோதனைக்குள் வந்துவிடும். குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்றி, டியூபில் தண்ணீர் ஏறியதும் குளியலறை வால்வை மூடி, மட்டத்தில் குறி போட்டுவிட்டு விடியும் வரை யாரும் தொடக் கூடாது. டியூபில் ஓரடி இறங்க நாற்பது மில்லிலிட்டர்கூட வேண்டாம் என்பதால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். மட்டம் இறங்காமல் ஏறினால் வால்வே சரியாக மூடவில்லை என்று பொருள். முதலில் அதை மாற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு: டியூபின் உயரம் அளவுக்குத்தான் அழுத்தம் கிடைக்கிறது. பிறகு பிரஷர் பம்ப் போடப் போகிறீர்கள் என்றால் இது போதாது, அழுத்தமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் போகும் குழாய். கீழே சமையலறையில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். வாஷ்பேசினை நிரப்பி ஒரே இழுப்பில் திறந்துவிடுங்கள். அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பின் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த செய்தித்தாளால் துடைத்தால் ஒரு துளி இருந்தாலும் காகிதம் சொல்லிவிடும். கழிப்பறையை ஐந்தாறு முறை அடுத்தடுத்து ஃப்ளஷ் செய்யுங்கள். அப்போது தரை ட்ராப்பில் ‘குளக் குளக்’ என்று சத்தம் வந்து தண்ணீர் இறங்கினால், காற்றுக் குழாய் சரியில்லை. அந்த ட்ராப்பில் சுமார் இரண்டு அங்குலம் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது; அது உறிஞ்சப்பட்டுவிட்டால் எத்தனை பினாயில் ஊற்றினாலும் வாடை போகாது.

அன்றே வாட்டத்தையும் பார்த்துவிடலாம். வாசலோரம் இரண்டு பக்கெட் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து வாருங்கள். எட்டடி நீளத்துக்கு ஒரு அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக வடிந்திருக்கும். ஒரு நாணயத்தின் தடிமனுக்கு மேல் எங்காவது குட்டை நின்றால் அந்த இடத்து டைல்ஸைப் பெயர்த்து வாட்டம் சரிசெய்ய வேண்டும்.

கீழே இன்னும் காய்ந்தே இருக்கிறது என்று உறுதியான பிறகு, அன்று மாலை தேக்குங்கள். பாலிதீன் பைக்குள் மணல் நிரப்பிச் ட்ராப்பை அடைத்து, வாசல் கல்லைத் தாண்டாமல் தண்ணீர் விட வேண்டும். சராசரி ஒரு அங்குலம் என்றால் 95 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், ஐந்து பக்கெட். பக்கத்தில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் விட்ட ஒரு தட்டையான பாத்திரத்தை வைத்தால், ஆவியாகிப் போனது எவ்வளவு என்று அது காட்டிவிடும். 48 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நான்காம் நாள் மாலை பார்க்கும்போது தரையில் பாத்திரத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் தண்ணீர் எங்கோ போகிறது.

நம் உதாரணத்தில், டியூபின் மட்டம் அசையவில்லை, இரண்டாம் நாள் ஃப்ளஷ்ஷிலும் கீழே ஈரமில்லை, ஆனால் தேக்கிய மறுநாள் கழிவுக் குழாய் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிளம்பர் போட்ட இணைப்பைக் குறை சொல்ல முடியாது. குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியை அடைத்து, மேலே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்த வேலைதான் தவறு. அதைச் செய்தவர் அந்த மூலையில் டைல்ஸைப் பெயர்த்து, இடைவெளியைச் சுருங்காத கலவையால் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சை மறுபடி பூசி, அதன் மேல் டைல்ஸ் போடுவதற்கு முன்பே ஒருமுறை தேக்கிக் காட்ட வேண்டும். “ஜாயிண்டுக்கு நல்ல ஃபில்லர் போட்டுத் தரேன்” என்பது மருந்தாகாது. டைல்ஸ் இடுக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுத்து நிறுத்துவது அடியில் இருக்கும் பூச்சு.

குளியலறைத் தளத்தைப் பள்ளமாக இறக்கி, செங்கல் துண்டு போட்டு நிரப்பிய அமைப்பு என்றால் இரண்டு நாள் போதாது. தண்ணீர் முதலில் அந்த நிரப்பலில் ஊறிய பிறகே கீழே காட்டும், அதற்கு வாரங்கள்கூட ஆகலாம். அதனால்தான் கடைசித் தவணையை ஒரே நாளில் முழுதாகக் கொடுக்காமல், ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வேறு ஆளை வைத்து ஒரு மூலையைப் பெயர்த்துப் போட ஆகும் செலவை ஈடுகட்டினால் போதும். குறைகளை எழுத்தில், டைல்ஸ் வரிசை எண்ணோடும் புகைப்படத்தோடும் கொடுங்கள். பதிவு செய்யப்பட்ட கட்டுமான நிறுவனத்திடம் அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு, 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி வேலைப்பாட்டுக் குறைகளை ஐந்து ஆண்டுக்குள் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தரும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு உண்டு. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே கேட்கும் முதல் காகிதம் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமாகத்தான் இருக்கும்.

வெளிப்புறச் சுவர்ப் பூச்சுக்கும் மொட்டைமாடிக்கும் பக்கெட் சோதனை போதாது. காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழைதான் அவற்றுக்குச் சோதனை. வேலை கோடையில் முடிந்தால், பிடித்த பணத்தை ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று நன்றாகப் பெய்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நல்ல மேஸ்திரி அதற்கு ஒப்புக்கொள்வார்.