பாத்ரூம் சீலிங்ல தண்ணி ஒழுகுதா? ஹவுஸ் ஓனருக்கு இப்படி ஒரு மெயில் போடுங்க

பாத்ரூம் சீலிங்ல முதல்ல உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. ஒரு மாசத்துல அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆயிடுச்சு. இப்போ சொட்டவும் ஆரம்பிச்சாச்சு. ஓனருக்கு போன் பண்ணா, "பார்க்கிறேன் தம்பி" என்கிறார். வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா நீல டிக் வருது, பதில் வரல. வாடகை வீட்டில் இருக்கும் நிறைய பேருக்கு இது பழக்கமான கதைதான்.

இதுல உங்க காசு எங்கே மாட்டும் தெரியுமா? வீட்டைக் காலி பண்ணும்போது. 18,000 ரூபாய் வாடகைக்கு 54,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கீங்கன்னு வைங்க. காலி பண்ற அன்னைக்கு ஓனர் உதிர்ந்த பூச்சைக் காட்டி, "நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது, பூச்சு வேலைக்கும் பெயின்டுக்கும் பிடிச்சுக்கிறேன்" என்று சொன்னால், போன்ல சொன்னதை எப்படி நிரூபிப்பீங்க? தேதியோடு இருக்கும் ஒரு மெயில் அந்த இடத்தில்தான் உதவும்.

மெயிலுக்கு முன்னாடி மூணு நாள் கவனிங்க

அப்பார்ட்மென்டில் பாத்ரூம் சீலிங் ஒழுகினால், கோளாறு பெரும்பாலும் மேல் வீட்டு பாத்ரூம்ல இருக்கும். ஆனால் எந்த மாதிரி கோளாறு என்பதை, எப்போ சொட்டுதுன்னு பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

மேல் வீட்டில் குளித்த பிறகு மட்டும் சொட்டினால், டைல்ஸ் இடுக்கிலோ, தரையில் தண்ணி இறங்கும் ட்ராப்பிலோ, கழிவுநீர்க் குழாயிலோ கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். யாரும் தண்ணி புழங்காத நடுராத்திரியிலும் ஒரே சீராகச் சொட்டினால், டேங்கிலிருந்து எப்போதும் அழுத்தத்தோடு தண்ணி வரும் குழாயில் கசிவு இருக்கலாம். மழை பெய்தால் மட்டும் என்றால், வெளிச்சுவரையோ மொட்டை மாடியையோதான் பார்க்கணும்.

ஒரு பக்கெட்டை வைத்து, மூணு நாளைக்கு எத்தனை மணிக்குச் சொட்டுதுன்னு குறிச்சு வைங்க. கறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் பிடித்து போட்டோ எடுங்க. சொட்டுற இடம் லைட்டுக்கோ கீசர் பாயின்டுக்கோ பக்கத்தில் இருந்தால் அந்த ஸ்விட்சைப் போடாதீங்க. அதை மெயிலிலும் கட்டாயம் எழுதுங்க, ஏன்னா அவசரத்துக்கு அதுதான் உண்மையான காரணம்.

இந்த மெயிலைப் படிக்கப் போறவர் ஓனர் மட்டும் இல்லை

நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. மேல் வீடு வேறொருவருடையது என்றால், உங்க ஓனரால் நேரா அங்கே போய் டைல்ஸை உடைக்க முடியாது. அவர் மேல் வீட்டு ஓனரிடமும் அசோசியேஷனிடமும் பேசணும். அதனால் அவர் அப்படியே ஃபார்வர்ட் பண்ணக்கூடிய மாதிரி உங்க மெயில் இருக்கணும். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை", "வாடகையை நிறுத்திடுவேன்" என்றெல்லாம் எழுதினால், அதை அவர் யாருக்கும் அனுப்ப மாட்டார். வேலையும் அங்கேயே நின்னுடும்.

இரண்டாவது மாடி வீட்டுக்கு ஒரு மாதிரி மெயில் இதோ:

> பொருள்: வீட்டு எண் 2B – பாத்ரூம் மேல்தளத்தில் நீர்க்கசிவு – பழுது பார்க்கக் கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் 2B வீட்டில் நான் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். பொதுக் குளியலறையின் மேல்தளத்தில் மே 12 முதல் நீர்க்கசிவு உள்ளது. மே 14 அன்று தொலைபேசியிலும், மே 20 அன்று வாட்ஸ்அப் வழியாகவும் தங்களுக்குத் தெரிவித்திருந்தேன்.
>
> கசிவு காலை 6.30 முதல் 8 மணி வரை அதிகமாகவும், இரவில் இல்லாமலும் உள்ளது. மழை இல்லாத நாட்களிலும் இது தொடர்கிறது. எனவே மேலே உள்ள 3B வீட்டின் குளியலறைத் தரையிலோ கழிவுநீர்க் குழாயிலோ கசிவு இருக்கலாம் எனக் கருதுகிறேன். கறை இப்போது சுமார் 30 செ.மீ. அகலம் உள்ளது, பூச்சு உதிரத் தொடங்கியுள்ளது. மின்விளக்கு அருகிலேயே இருப்பதால் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியுள்ளேன்.
>
> கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்:
>
> 1. ஜூன் 8-க்குள் பிளம்பர் மூலம் 3B மற்றும் 2B இரண்டையும் பார்வையிடுதல்.
> 2. மேலே கசிவைச் சரிசெய்தல்.
> 3. மேல்தளம் நன்கு காய்ந்த பிறகு பூச்சு மற்றும் வண்ண வேலை. எலெக்ட்ரீஷியன் மூலம் விளக்கு இணைப்பைச் சோதித்தல்.
>
> வார நாட்களில் மாலை 7 மணிக்குப் பிறகும், சனி, ஞாயிறு முழுவதும் வீட்டில் இருப்பேன். பணியாளர்கள் வர எந்தத் தடையும் இல்லை. நான்கு புகைப்படங்களும் ஒரு காணொளியும் இணைத்துள்ளேன். எந்த நாளில் பார்வையிட வருவார்கள் என்பதை இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> நன்றி.
> இப்படிக்கு,
> (பெயர், வீட்டு எண், கைபேசி எண்)

இதுல மே 14, மே 20 என்று பழைய தேதிகளைச் சொன்னது சும்மா இல்லை. போன்ல பேசியதும் இப்போ எழுத்துக்கு வந்துடுச்சு. அதே மாதிரி அந்த மூணு வேலைகளின் வரிசையும் முக்கியம். சில ஓனர்கள் ஆள் அனுப்பி, கீழேயிருந்து புட்டி வைத்து பெயின்ட் அடிச்சு முடிச்சுடுவாங்க. மேலே கசிவு நிற்காமல் இப்படிச் செய்தால் கறை கொஞ்ச நாள் மறையும், அப்புறம் பெயின்ட் கொப்பளிச்சு மறுபடியும் வரும்.

மெயில் அனுப்பியதும், "சார், மெயில் போட்டிருக்கேன், பாருங்க" என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போடுங்க. மெயிலைத் தினமும் திறக்காத ஓனர்கள் நிறைய.

ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லையா?

புது மெயில் வேண்டாம், அதே மெயிலுக்கு ரிப்ளை போடுங்க. எல்லாம் ஒரே தொடராக இருக்கும். இந்த முறை சட்டத்தைக் குறிப்பிடலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், யார் எதைப் பழுது பார்க்கணும்னு ஒரு அட்டவணையே தருது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதும் தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கீசர் ரிப்பேர் மாதிரியானவை உங்க பொறுப்பு. உங்க வாடகை ஒப்பந்தத்தில் பழுது பற்றித் தனியா ஏதாவது எழுதியிருக்கான்னும் முதல்ல பார்த்துடுங்க.

ஓனர் தன் பங்கு வேலையைச் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து வாடகையில் கழிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருது. ஆனால் ஒரு மாசத்துக்கு வாடகையில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. 18,000 ரூபாய் வாடகையில் அதிகபட்சம் 9,000.

இங்கேதான் பலர் தடுக்கி விழறாங்க. கோளாறு 3B-யில் இருந்தால், வேறொருவர் வீட்டில் நீங்க வேலை செய்து கழிக்க முடியாது. உங்க சீலிங்கை மட்டும் பூசினா அந்தக் காசு வீண். அதனால் இரண்டாவது மெயிலில் அசோசியேஷன் செயலாளரையும் சிசி-யில் சேருங்க. அதுக்கும் அசையவில்லை என்றால், இந்தச் சட்டப்படி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் வாடகை அதிகாரியாக இருக்கிறார், அவரை அணுகலாம். உங்க ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருந்தால் அங்கே உங்க பக்கம் வலுவா இருக்கும்.

அதுவரைக்கும் வாடகையை முழுசா, தேதி தவறாம, பேங்க் வழியா அனுப்புங்க. நீங்களாக நிறுத்தினால், பேச்சு சீலிங்கை விட்டுட்டு வாடகை பாக்கிக்கு மாறிடும். வேலை முடிந்ததும், "இன்று சரிசெய்யப்பட்டது, நன்றி" என்று போட்டோவோடு அதே மெயிலில் கடைசி ரிப்ளை ஒண்ணு போட்டு வைங்க. அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் காட்ட அதுவே போதும்.