மொட்டைமாடியில தேங்குற தண்ணி: வாட்டமும் வாயும்



இந்த வார எபிசோட்ல வீட்டு சென்சார்கள் பத்திப் பேசும்போது, தாம்பரத்துல பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில நான் ஒரு தண்ணி மட்ட சென்சார் வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு அப்படியே அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். "மாடியில எதுக்கு தண்ணி மட்டம்?"னு பல பேர் கேட்டிருந்தீங்க. பதில் கொஞ்சம் நீளம். அதனால இங்கே எழுதுறேன்.

பெரியப்பா வீட்டு மாடி 30 அடிக்கு 40 அடி. மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் பின்பக்கச் சுவரோரம் ஒரு பாய் விரிச்ச அளவுக்குத் தண்ணி நிக்கும். கீழ் அறையில சீலிங் ஓரம் கறுத்துப்போச்சு. அவர் இரண்டு தடவை மேல சிமெண்ட் பூசிப் பார்த்தார். தண்ணி பக்கத்துல தள்ளி நின்னுச்சு, அவ்வளவுதான். எடிசன்ல உட்கார்ந்துக்கிட்டு நான் செஞ்சது சென்சார் அனுப்பினது. "48 மணி நேரம் தாண்டியும் நிக்குது"ன்னு அது சொல்லிச்சு. அமெரிக்காவுல கூரை வேலை செய்யறவங்க வெச்சிருக்கிற பொது அளவும் அதுதான்: மழை நின்னு 48 மணி நேரத்துக்கு அப்புறமும் தண்ணி நின்னா கூரையில குறை இருக்குன்னு அர்த்தம். ஆனா ஏன் நிக்குதுன்னு எந்த சென்சாரும் சொல்லாது.

இதை நான் சும்மா விடாததுக்குக் காரணம் சர்ஃப்சைடு. ஃப்ளோரிடாவுல 2021 ஜூன் 24 அன்னைக்கு சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் கட்டடம் இடிஞ்சு 98 பேர் இறந்தாங்க. 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை, நீச்சல்குளத் தளத்தோட கான்கிரீட் பலகை வாட்டமே இல்லாம தட்டையா போடப்பட்டிருக்கு, தண்ணி வடியாம ஆவியாகிற வரைக்கும் அங்கேயே நிக்குதுன்னு எழுதியிருந்துச்சு. அந்தத் தளம் கீழே இருந்த கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை. இடிஞ்சதுக்குத் தேங்கின தண்ணி மட்டும் காரணம்னு சொல்லக்கூடாது. அந்தத் தளத்தோட வடிவமைப்பிலேயே பலம் குறைவா இருந்ததை அரசு விசாரணை காட்டியிருக்கு. ஆனா நிக்கிற தண்ணி கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இடம் அடைச்சு கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். தாம்பரத்து சீலிங் கறுப்பு அதோட முதல் பக்கம்.

முதல்ல வாட்டம்

சரிவுக்கு நம்ம கொத்தனார்கள் சொல்ற வார்த்தை "வாட்டம்". தமிழ்நாட்டுல கான்கிரீட் கூரையைத் தட்டையாத்தான் போடுவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதுல வாட்டம் பிடிச்சு, மேல தட்டோடு பதிப்பாங்க. அமெரிக்க விதிகள் புதுக் கூரைக்குப் பொதுவாக் கேக்குறது ஒரு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48-க்கு 1. நம்ம ஊர்ல 100-க்கு 1, 80-க்கு 1-னு பல கணக்கு ஓடும்.

மேஸ்திரி டியூப் லெவல் வெச்சு அளந்தார். முன்பக்கத்துலேருந்து பின்பக்கம் 40 அடிக்கு மொத்தம் 3 அங்குலம்தான் இறக்கம். அதாவது 160-க்கு 1. "வாட்டம் போதலை தம்பி"ன்னு சொன்னார். ஆனா இறக்கம் இருக்குதே, தண்ணி ஓடணும்தானே?

இங்கேதான் எனக்குப் புரியாம இருந்த விஷயம். கான்கிரீட் கூரை போட்ட மாதிரியே நிக்காது. வருஷக்கணக்குல அறையோட நடுவுல மெதுவாத் தொய்யும். இந்தியத் தரநிலை IS 456, மேல்பூச்சு முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற தொய்வு அறை அகலத்துல 350-ல ஒரு பங்கு வரைக்கும் போகலாம்னு அனுமதிக்குது. 15 அடி அறைக்கு அது 13 மில்லிமீட்டர். ரொம்பக் கம்மிதான். ஆனா தொய்ஞ்ச கூரை ஒரு கிண்ணம் மாதிரி. நடுவுல சமமா இருந்தாலும், சுவர் பக்கம் வர வர ஏறும். அந்தத் தொய்வுக்கு சுவரோரம் ஏற்றம் கிட்டத்தட்ட 88-க்கு 1 வரும். 160-க்கு 1 இறங்கி வர்ற தண்ணிக்கு, கடைசி சில அடி இப்போ மேடு. அதனாலதான் குழாய் பக்கத்துலேயே இருந்தும், அதுக்கு நாலஞ்சு அடி முன்னாடி தண்ணி நின்னுச்சு.

ஆக, வாட்டம் அந்த 88-க்கு 1-ஐ ஜெயிக்கணும். 100-க்கு 1 தோத்துடலாம், 80-க்கு 1 நூலிழையில ஜெயிக்கும். கொத்தனார் கை முன்னப்பின்ன இருக்கும்கிறதையும் சேர்த்து, நாங்க 60-க்கு 1-னு முடிவு பண்ணினோம்.

அடுத்த சிக்கல் எடை. முழு 40 அடிக்கும் ஒரே பக்கமா 60-க்கு 1 போட்டா, முன்பக்கம் 8 அங்குலம் உயரணும், சராசரி 4 அங்குலம். இந்த மாடியில ஒரு அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு சுமார் 5 டன். ஆக 20 டன்! அதுக்குப் பதிலா நடுவுல நீளவாக்குல முதுகு வெச்சு, ரெண்டு பக்கமும் 15 அடி மட்டும் ஓட விட்டா, உயரம் 3 அங்குலம் போதும், எடை ஏழரை டன். வாட்டத்தைத் தீர்மானிக்கிறது தண்ணி ஓட வேண்டிய தூரம். அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கிறது வாய் எங்கே இருக்குங்கிறது. ரெண்டும் ஒரே முடிவு.

அப்புறம் வாய்

எவ்வளவு மழைக்குக் கணக்குப் போடுறது? 2015 டிசம்பர் வெள்ளத்துல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு. பயங்கரமான எண். ஆனா 24 மணி நேரத்துக்குப் பிரிச்சா மணிக்கு 20 மில்லிமீட்டர்தான். வாய்க்கு சோதனை நாள் மொத்தம் இல்லை, கொட்டித் தீர்க்கிற அந்தப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம். அதனால மணிக்கு 100 மில்லிமீட்டர்னு எடுத்தோம். உங்களுக்கு ஒப்பீடு: ஹூஸ்டன்ல கூரை வடிகாலுக்கு எடுக்குறது மணிக்கு 4 அங்குலத்துக்கு மேல, கிட்டத்தட்ட இதே அளவு. சான் பிரான்சிஸ்கோவுல அதுல பாதிகூடக் கிடையாது. இந்த வேகத்துல பெரியப்பா மாடிக்கு விழறது நொடிக்கு 3.1 லிட்டர்.

இந்தியக் கையேட்டு அட்டவணைப்படி இந்த மழைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் சுமார் 43 சதுர மீட்டரைத்தான் பார்க்கும். 3 அங்குலக் குழாய்னா 20. மாடி 111 சதுர மீட்டர். இருந்ததோ மூணு 3 அங்குலக் குழாய்கள்.

ஆனா பழைய அமெரிக்க பிளம்பிங் விதி அட்டவணையைப் பார்த்தா, அதே 4 அங்குலக் குழாய் 400 சதுர மீட்டருக்கு மேல தாங்கும்னு போட்டிருக்கு. பத்து மடங்கு! யார் சொல்றது சரி? ரெண்டும்தான். தண்ணி குழாய்க்குள்ள விழறதுக்கு முன்னாடி வாயோட விளிம்பைத் தாண்டணும். அந்த அளவு இந்தச் சூத்திரத்துல இருக்கு:

```
Q = 1.7 * L * h**1.5
```

`Q` நொடிக்கு எத்தனை கன மீட்டர், `L` தண்ணி தாண்டுற விளிம்போட நீளம், `h` விளிம்புக்கு மேல நிக்கிற தண்ணியோட ஆழம், ரெண்டும் மீட்டர்ல. 4 அங்குல வட்டத்துக்குச் சுற்றளவு 0.31 மீட்டர். இந்திய அட்டவணை சொல்ற அளவு தண்ணி போகணும்னா வாய் மேல 17 மில்லிமீட்டர் ஆழம் போதும். அமெரிக்க அளவுக்கு 80 மில்லிமீட்டர் வேணும். அங்கே வடிகால் வாய் அகலமான பள்ளத்துல இருக்கும். குழாயும் முழுக்க வேலை செய்யும். ஆக, அளக்க வேண்டியது குழாயோட விட்டத்தை மட்டும் இல்லை, விளிம்போட நீளத்தையும்.

இப்போ நம்ம ஊர் வழக்கத்தைப் பாருங்க. குழாயைக் கைப்பிடிச்சுவர் வழியா படுக்கையாப் பதிப்பாங்க. வட்டத்தோட அடிப்பகுதி வழியா மட்டும் தண்ணி நுழையும். அதே 17 மில்லிமீட்டர் ஆழத்துல, செங்குத்து வாய் விடுற தண்ணியில ஏழுல ஒரு பங்குதான் போகும். போதாக்குறைக்கு இங்கே குழாயோட அடி, தட்டோடு மட்டத்துலேருந்து அரை அங்குலம் மேல இருந்துச்சு. அந்த அரை அங்குலம் எந்தக் காலத்திலும் வடியாது.

தீர்வு எனக்கு ஜெர்சி சிட்டி பழைய செங்கல் வீடுகள்ல தினமும் கண்ணுல படுறதுதான். சுவர்ல வட்ட ஓட்டை இல்லாம, அகலமான செவ்வகத் திறப்பு. வெளியே ஒரு பெட்டி. பெட்டியிலேருந்து குழாய் இறங்கும். ஒரு அடி அகலத் திறப்போட விளிம்பு 0.3 மீட்டர். அதாவது 4 அங்குலச் செங்குத்து வாயோட முழுச் சுற்றளவுக்குச் சமம். கூரையைத் துளைக்கவும் வேண்டாம். ரெண்டு நீளப் பக்கத்திலும் பக்கத்துக்கு ரெண்டா நாலு திறப்பு வெச்சோம். ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு லேசாப் பள்ளம். ஒண்ணு இலை அடைச்சாலும், அதே பக்கத்து இன்னொண்ணு மேல ஆழம் 20 மில்லிமீட்டர்தான் ஆகுது.

ரெண்டும் அடைச்சா? கைப்பிடிச்சுவர் இருக்கிற மாடி ஒரு தொட்டி. ஆள் நடமாடுற கூரைக்கு இந்தியத் தரநிலை எடுக்குற பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 15 சென்டிமீட்டர் தண்ணி அந்தக் கணக்கு முழுசையும் தின்னுடும். அதனால தட்டோட்டுக்கு 2 அங்குலம் மேல, பக்கத்துக்கு ஒரு திறப்பு தனியா, குழாய் எதுவும் இல்லாம. தெருப் பக்கமும் வாசல் பக்கமும் எல்லார் கண்ணுலயும் படுற இடத்துல. அதுல தண்ணி கொட்டினா கீழ அடைச்சிருக்குன்னு அர்த்தம். அமெரிக்க விதிகள் இந்த ரெண்டாவது வழியைக் கட்டாயமாக் கேக்குது. பெரியப்பா, "வாசல்ல நிக்கிறவன் தலையில விழுமேப்பா"ன்னு முதல்ல ஒத்துக்கலை. விழணும் பெரியப்பா, அப்பதான் யாராவது மாடிக்குப் போய்ப் பார்ப்பாங்கன்னு சொன்னேன்.

பழைய ஜல்லியையும் பெரியப்பா பூசின சிமெண்ட்டையும் முழுக்கச் செதுக்கி எடுத்துட்டுத்தான் புதுசு போட்டாங்க. எடுக்கும்போது கறுத்த இடத்துல கம்பி தெரிஞ்சுது. துரு சுரண்டி, பழுது பார்த்து, மூடியாச்சு. தட்டோடு பதிச்ச அன்னைக்கு மேஸ்திரி முதுகு மேல ஒரு வாளித் தண்ணி ஊத்திக் காட்டினார். வீடியோவுல பார்த்தேன். தண்ணி ரெண்டா பிரிஞ்சு, ஓரத்துல தயங்காம, பள்ளத்துல இறங்கிப் போச்சு.

ஊர்ல உங்க வீட்டு மாடியில தண்ணி நின்னா, முதல் வேலையா அதோட ஓரத்தைச் சுண்ணாம்புக்கட்டியில வரைஞ்சு வைக்கச் சொல்லுங்க. அது குழாய் வாயைத் தொட்டுக்கிட்டு நின்னா வாய் உயரத்துல இருக்கு. குழாய்க்கு நாலஞ்சு அடி தள்ளி நின்னா வாட்டம் தோத்திருக்கு. கொட்டும்போது மட்டும் ஏறி, அரை மணி நேரத்துல வடிஞ்சா வாய் சின்னது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. மேல சிமெண்ட் பூசுறது எதுக்கும் வைத்தியம் இல்லை.

சென்சார் இன்னும் மாடியிலதான் இருக்கு. இப்போ அதை அந்த 2 அங்குலத் திறப்புக்குப் பக்கத்துல மாட்டியிருக்கோம். எனக்கு முன்னாடி பெரியம்மா பார்த்துடுவாங்கன்னு பெரியப்பா சொல்றார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.