தோட்டா குறுகியபோது

இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஜெர்மன் வீரரின் கையில் இருந்தது கார் 98கே என்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். ஐந்து தோட்டாக்கள்தான் கொள்ளும். அதன் தோட்டா வெகுதூரம் பாயக்கூடியது. ஆனால் பெரும்பாலான சண்டைகள் சுமார் 300 மீட்டருக்குள்ளேயே நடந்தன. அந்த வலுவான தோட்டாவைக் கைத்துப்பாக்கியில் தொடர்ச்சியாகச் சுட்டால், பின்னுதைப்பில் குழல் மேலெழுந்து குறி தவறிவிடும். சிக்கலின் வேர் துப்பாக்கியில் அல்ல, தோட்டாவில்தான் இருந்தது. எனவே குண்டின் விட்டத்தை மாற்றாமல், 57 மி.மீ. உறையை 33 மி.மீ. ஆக்கினர், மருந்தும் குண்டின் எடையும் குறைந்தன. உதைப்பு தணிந்தது, அதே சுமையில் கூடுதல் தோட்டாக்களை எடுத்துச்செல்ல முடிந்தது. இதற்கென உருவான எஸ்டிஜி 44, 30 தோட்டாக்கள் கொண்டது. ஒவ்வொன்றாகவும் தொடர்ச்சியாகவும் சுடும். தொலைதூரக் குறிக்கு மட்டும் பழைய தோட்டாவே மேல். சோவியத்தும் 39 மி.மீ. உறையுள்ள தோட்டாவை உருவாக்கியது; போருக்குப் பின் ஏகே-47 அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.