ஓவர்சைஸ்டு என்றால் பெரிய சைஸ் இல்லை

அக்கா மகள் கல்லூரிக்குப் போட ஓவர்சைஸ்டு சட்டை கேட்டாள். "வழக்கமா எம் போடுற, எக்ஸ்எல் எடுத்தா சரியா இருக்கும்" என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கழுத்து அகன்று பின்பக்கம் சரிந்தது, கை விரல் நுனி வரை வந்தது. "சித்தி, இது யாரோட சட்டையோ மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. அது அவளைவிடப் பெரிய உடம்புக்கு வெட்டிய சட்டை.

ஓவர்சைஸ்டு என்பது சைஸின் பெயர் இல்லை, வெட்டின் பெயர். எம் அளவுக்காரருக்கென்றே வெட்டுவார்கள். கழுத்து அவருக்குப் பொருந்தும்படி இருக்கும். உடம்பும் அக்குளும் மட்டும் தாராளமாக இருக்கும். தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டி மேல்கையில் விழும். தோள் அப்படி இறங்குவதால், அதற்கேற்பக் கையின் நீளத்தையும் குறைத்திருப்பார்கள். பெரிய சைஸ் வாங்கினால் இந்தத் திருத்தம் எதுவும் கிடைக்காது.

ரிலாக்ஸ்டு இதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. இதில் தோள் தையல் தோள் எலும்பிலேயே உட்காரும், உடம்பில்தான் லூஸ். தையல்காரர் நம் மார்பளவோடு கூட்டிப் போடும் இன்ச்தான் அந்த லூஸ். 34 இன்ச் மார்புக்கு 36 இன்ச் சட்டை பிடிப்பாக இருக்கும். 38 முதல் 40 வரை ரிலாக்ஸ்டு. 42-ஐத் தாண்டித் தோளும் இறங்கினால் ஓவர்சைஸ்டு. ஒவ்வொரு நிறுவனமும் இதில் ஓரிரு இன்ச் மாற்றும். அதனால் எண்ணோடு தோள் தையலையும் பாருங்கள். அதுதான் உறுதியான அடையாளம்.

பாக்ஸி என்பது லூஸைவிட வடிவத்தைச் சொல்லும் சொல். சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்தால் 20 இன்ச், கீழ் ஓரத்திலும் 20 இன்ச் என்றால் அது பாக்ஸி. இடுப்பில் 18 ஆகக் குறுகினால் இல்லை. பெட்டி போல நிற்க, துணியிலும் கொஞ்சம் விறைப்பு வேண்டும். கனமான காட்டனில் நேராக நிற்கும் அதே வெட்டு, ரேயானில் உடம்போடு ஒட்டித் தொங்கிவிடும்.

மற்ற மூன்றும் நீளச் சொற்கள். லூஸுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கிராப்டு டாப் இடுப்பு வளைவிலோ அதற்கு மேலோ முடியும். கிராப்டு பேன்ட் கணுக்காலுக்கு மேலே முடியும். ஒரே டாப் கிராப்டாகவும் பாக்ஸியாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் துணி மார்பிலிருந்து நேராகத் தொங்கும், முன்பக்க ஓரம் சற்றுத் தூக்கிக் காட்டும். உட்கார்ந்து எழும் வேலையில் இருப்பவர்கள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

நம் ஊரில் சிறுமிகளின் பாவாடையும் டாப்ஸும் சேர்ந்ததை மிடி என்று அழைத்தே பழகிவிட்டோம். முட்டி வரை வந்தாலும் அது மிடிதான். உலகச் சந்தையில் மிடி என்றால் முட்டிக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே முடியும் நீளம்; பெரும்பாலும் கெண்டைக்கால் நடுவில். கணுக்காலையோ தரையையோ தொட்டால் மேக்ஸி.

இங்கேதான் உயரம் குறுக்கே வருகிறது. தோளிலிருந்து 46 இன்ச் நீளமுள்ள கவுன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி ஏழு அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்குக் கழுத்தோரத் தோளிலிருந்து தரை வரை ஏறக்குறைய 57 இன்ச். கவுன் தரைக்கு மேல் 11 இன்ச்சில், கெண்டைக்காலில் நிற்கும். அவருக்கு அது மிடி. ஐந்தடிப் பெண்ணுக்கு அதே தூரம் ஏறக்குறைய 51 இன்ச். கவுன் தரைக்கு மேல் 5 இன்ச்சில், கணுக்காலை நெருங்கி முடியும். அவருக்கு அது மேக்ஸி போலவே இருக்கும். இணையத்தில் படத்தில் நிற்பவர் பெரும்பாலும் உயரமானவர். அதனால் பெயரை நம்பாமல் நீளத்தை இன்ச்சில் பாருங்கள்.

வாங்குமுன், உங்களுக்குப் பிடித்துப்போன பழைய உடை ஒன்றைத் தரையில் விரித்து மார்பகலம், தோளகலம், முழு நீளம் மூன்றையும் அளந்து குறித்து வையுங்கள். புதிய உடையின் அளவுப் பட்டியலோடு அவற்றை ஒப்பிடுங்கள். தையல்காரரிடம் போனாலும் "லூஸா வேணும்" என்று நிறுத்தாதீர்கள். "தோள் என் அளவுக்கே, மார்பில் 5 இன்ச் கூட்டி, நீளம் கெண்டைக்கால் நடு வரை" என்று சொல்லுங்கள். நீங்கள் நினைத்த உடை கைக்கு வரும்.