எக்ஸ்டென்ஷன் போர்டின் முதுகில் எழுதியிருப்பது

எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கப் போனால் கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்தான். எத்தனை பிளக் சொருகலாம், ஒயர் எவ்வளவு நீளம், விலை என்ன? இந்த மூன்றுக்கும் பதில் அட்டைப்பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். வீட்டின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் தகவல் போர்டைத் திருப்பினால்தான் தெரியும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 6 ஆம்பியர், 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். சிலவற்றில் அதிகபட்ச வாட் அளவும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும், எந்த போர்டில் எதைச் சொருகலாம் என்பதை நாமே முடிவு செய்துவிடலாம்.

ஆம்பியர் என்பது ஒயர் வழியாக ஓடும் மின்சாரத்தின் அளவு. 6 ஆம்பியர் போர்டு என்றால், அதில் உள்ள எல்லா சாக்கெட்டுகளும் சேர்ந்து எடுக்கக்கூடிய மொத்த மின்சாரம் 6 ஆம்பியர்தான். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக 6 என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சுவரிலிருந்து வருவது ஒரே ஒயர், அதன் தாங்குதிறனும் ஒன்றுதான். நான்கு சாக்கெட் இருந்தாலும் எட்டு இருந்தாலும் அது கூடுவதில்லை. நம் வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டை 6 ஆல் பெருக்கினால் 1380 வாட் வருகிறது. அதுதான் அந்த போர்டின் எல்லை.

ஆறு சாக்கெட் உள்ள ஒரு 6 ஆம்பியர் போர்டை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் டிவி 100 வாட், செட்டாப் பாக்ஸ் 15, வைஃபை ரவுட்டர் 10, லேப்டாப் சார்ஜர் 65, இரண்டு செல்போன் சார்ஜர்கள் தலா 20 என்று ஆறும் சொருகியாகிவிட்டது. மொத்தம் 230 வாட், அதாவது 1 ஆம்பியர். பார்ப்பதற்குத்தான் நெரிசல், போர்டுக்கு இது ஒரு சுமையே அல்ல. அதே போர்டைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், காலை அவசரத்தில் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் 1200 வாட் ஹேர் டிரையரையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறோம். நான்கு சாக்கெட் காலியாகத்தான் இருக்கின்றன. ஆனால் மொத்தம் 2200 வாட். 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.6 ஆம்பியர், எல்லையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அதிகமானால் சுவரில் இருக்கும் டிரிப்பர் விழுந்துவிடும் அல்லவா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டர் பெட்டிக்கு அருகில் உள்ள எம்சிபி, சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. அது 16 ஆம்பியர் எம்சிபியாக இருந்தால் 9.6 ஆம்பியர் அதற்கு இயல்பான ஓட்டம், நாள் முழுவதும் ஓடினாலும் விழாது. போர்டின் மெல்லிய ஒயர் தாங்குகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே போர்டுக்கென்று ஒரு காவல் போர்டிலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் சிறிய கறுப்புப் பொத்தானாக இருக்கும் ஓவர்லோட் டிரிப், அல்லது மாற்றக்கூடிய கண்ணாடி ஃபியூஸ், இரண்டில் ஒன்று அவசியம். பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டால் சுமை மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே அழுத்தாமல், சொருகியிருப்பதில் ஒன்றைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் ஆறவிட்டு அழுத்த வேண்டும். உள்ளே இருப்பது சூட்டில் வளையும் உலோகத் தகடு. அது ஆறாமல் பொத்தான் நிற்காது.

சுமை மீறினால் என்ன ஆகிறது? ஒயர் சூடாகிறது. மின்சாரம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும் என்பது அடிப்படை விதி. மலிவு போர்டுகளில் சாதாரணமாகக் காணப்படும் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளம் இருந்தால், போக வர இரண்டு கம்பிகளும் சேர்ந்து சுமார் 0.26 ஓம் மின்தடை. கூடத்து 1 ஆம்பியரில் அந்த ஒயர் முழுவதிலும் எழும் சூடு கால் வாட். 6 ஆம்பியரில் சுமார் 9 வாட். படுக்கையறை 9.6 ஆம்பியரில் 24 வாட். ஒயரை நீட்டிப் போட்டிருந்தால் இந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். சுருட்டிக் கட்டியோ, மிதியடிக்கு அடியிலோ, மெத்தைக்கும் சுவருக்கும் இடையிலோ கிடந்தால் போக வழியில்லாமல் ஓரிடத்தில் சேர்ந்து பிளாஸ்டிக் உறையை இளக்கிவிடும். நீளமான ஒயரை வாங்கி மிச்சத்தைச் சுருட்டி வைப்பதைவிட, தேவையான நீளத்துக்கே வாங்குவது நல்லது.

ஒயரைவிடவும் ஆபத்தான இடம் சாக்கெட்டின் உள்ளே இருக்கிறது. பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைப் பட்டை நாளடைவில் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, சூடு முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது. பிளக் ஆடுவது, சொருகியதும் சடசடவென ஓசை வருவது, துளையைச் சுற்றி பழுப்பு நிறம் ஏறுவது, மீன் வாடை போன்ற கருகல் நாற்றம், கழற்றிய பின்னைத் தொட்டால் சுடுவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த போர்டை ஒதுக்கிவிட வேண்டும். டேப் சுற்றிச் சரிசெய்யக்கூடிய கோளாறு அல்ல இது. எல்லா நாட்டு பிளக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பல்துளை சாக்கெட்டுகளில் இந்தப் பிடி புதிதாக இருக்கும்போதே தளர்வாக அமைந்துவிடுவதுண்டு.

அடுத்து எர்த். மூன்று பின் பிளக்கில் மேலே தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது எர்த் பின். சொருகும்போது முதலில் தொடவும் கழற்றும்போது கடைசியில் விடுபடவும் அது நீளமாக அமைக்கப்பட்டிருக்கிறது. அயர்ன் பாக்ஸ் போன்ற உலோக உடம்பு உள்ள கருவியில் உள்ளே கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போக வேண்டும். ஆனால் சந்தையில் சில போர்டுகளில் சாக்கெட்டுக்கு மூன்று துளை இருக்கும், ஒயருக்குள் இரண்டு கம்பிதான் இருக்கும். எர்த் துளை வெறும் அலங்காரம். ஒயர் தட்டையாக இரட்டைக் கம்பி போல இருந்தாலோ, முனையில் இருப்பது இரண்டு பின் பிளக்காக இருந்தாலோ, அந்த போர்டில் எர்த் இல்லை என்றே கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லலாம். ஒரு நிமிட வேலைதான்.

முத்திரையைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் என்ற எழுத்துகளோடு ஒரு தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிளக், சாக்கெட்டுக்கான தர எண் 1293. பிவிசி ஒயருக்கானது 694. ஒயரில் மட்டும் முத்திரை இருந்தால் ஒயர் மட்டும்தான் சோதிக்கப்பட்டது என்று பொருள், சாக்கெட்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது. உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்காகக் கொடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். எண் இல்லாத வெறும் முத்திரையை நம்பக் கூடாது. ஒயரின் உறை மீதே அச்சிட்டிருக்கும் சதுர மில்லிமீட்டர் அளவையும் பாருங்கள். 6 ஆம்பியருக்கு 0.75க்குக் குறையக் கூடாது. 16 ஆம்பியர் போர்டுக்கு குறைந்தது 1.5 வேண்டும்.

சுவிட்சுகளில் இரண்டு வகை உண்டு. எல்லா சாக்கெட்டுக்கும் ஒரே சுவிட்ச், அல்லது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தனி சுவிட்ச் இருந்தால் அணைத்த பிறகு பிளக்கைக் கழற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் ஒவ்வொரு முறையும் உள்ளே பொறி பறந்து பட்டை கருகும். சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். சுவரில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் ஃபேஸ் இருக்கும். ஆகவே துடைக்கவோ பிரிக்கவோ வேண்டுமானால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் துளைகளுக்குள் மூடி போன்ற ஷட்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஸ்பைக் கார்டு என்றும் சர்ஜ் புரொடெக்டர் என்றும் விற்கப்படுவது. வெளித்தோற்றத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டுதான். உள்ளே வேரிஸ்டர் என்ற வட்டமான சிறு பாகம் கூடுதலாக இருக்கும். வழக்கமான மின்னழுத்தத்தில் அது சும்மா இருக்கும். பக்கத்தில் இடி விழும்போதோ, பெரிய மோட்டார்கள் நிற்கும்போதோ மின்னழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறினால், அந்த அதிகப்படியைத் தன் வழியே விட்டு, கருவிக்குப் போகாமல் தடுக்கும். அதன் தாங்குதிறன் ஜூல் அளவில் போடப்பட்டிருக்கும், எண் பெரிதானால் தாங்கும் அளவும் பெரிது. ஜூல் எண்ணே இல்லாமல் முகப்பில் ஸ்பைக் கார்டு என்று மட்டும் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வழியில்லை.

இந்தப் பாகத்துக்கு எல்லைகளும் உண்டு. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்து போன பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் வரும், காவல் மட்டும் இருக்காது. தனியாகப் பாதுகாப்பு விளக்கு உள்ள போர்டில் அது அணைந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலை அரைகுறையாகிவிடும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து, மின்னழுத்தம் 300, 400 வோல்ட் என்று நீடித்தால் வேரிஸ்டரே எரிந்துபோகும். அதற்கு வேறு கருவி வேண்டும். நேரடி இடிக்கு எதுவும் ஈடு கொடுக்காது, இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றுவதுதான் வழி. சர்ஜ் பாதுகாப்பு இருப்பதால் போர்டின் 6 ஆம்பியர் எல்லையும் ஏறிவிடாது.

ஆகவே பங்கீடு எளிது. டிவி, கணினி, ரவுட்டர், சார்ஜர்களுக்கு 6 ஆம்பியர் போர்டு போதும். கீசர், ஏசி, இண்டக்ஷன் அடுப்பு, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்குச் சுவர் சாக்கெட்தான். பெரிய பின்னைச் சிறிய துளையில் நுழைக்கும் கன்வெர்ட்டர் போட்டு அவற்றை இந்த போர்டில் ஓட்டக் கூடாது. ஒரு போர்டில் இன்னொரு போர்டைச் சொருகுவதும் கூடாது. இரண்டின் சுமையும் முதல் ஒயர் தலையில்தான் விழும். புதிதாக வாங்கும்போது பெட்டியைப் பிரித்து, போர்டைத் திருப்பி, எத்தனை ஆம்பியர், ஓவர்லோட் டிரிப் எங்கே, ஒயரில் எத்தனை கம்பி, உரிம எண் என்ன என்று பாருங்கள். இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வேறு போர்டு கேளுங்கள்.